நெறி கட்டும் இடத்தில் ஒரு பாடம்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தடுப்பூசி வீடியோ ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தேன். முதல் வரைவில் எல்லோரையும் போலப் படை, வீரன், எதிரி என்றுதான் எழுதியிருந்தேன். “படைக்குப் பயிற்சி கொடுத்தாச்சுன்னா, பதினாறு வயசுல எதுக்கு டாக்டர் திரும்ப டிடி ஊசி?” என்று ஒரு மாணவி கேட்டாள். டிடி என்பது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான ஊசி. அந்த உவமையில் இதற்குப் பதில் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

இப்போது வீடியோ ஒரு கைக்குழந்தையின் தொடையில் தொடங்குகிறது. ஒன்றரை மாதம், ஐந்து நோய்களுக்கான முதல் ஊசி, அரை மில்லி. அதில் ரண ஜன்னிக்கான பகுதியை மட்டும் பார்ப்போம். உள்ளே போவது கிருமி அல்ல, கிருமி சுரக்கும் நச்சு. ஃபார்மலினால் அதன் விஷத்தை எடுத்திருப்பார்கள். உருவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

வீடியோவை நிறுத்துங்கள். ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்குத் தடுப்பூசி தேவையா?

தேவை. அந்த நச்சு அவ்வளவு கொடியது. ஆளைச் சாய்க்கும் அளவுகூட நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படப் போதாது. விஷம் நீக்கியதைத்தான் கண்ணில் படுமளவுக்குப் பயமின்றிக் கொடுக்க முடியும்.

சரி, அடுத்து. காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்த நிணநீர்க் கணுவுக்குத்தான் காவல் செல்கள் நச்சின் துண்டுகளைக் கொண்டுபோகின்றன. நச்சைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கக்கூடிய பி செல்கள் அங்கே கோடிக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றின் மேலும் நச்சைப் பிடிக்க ஒரு கொக்கி, ஒவ்வொரு கொக்கியும் வேறு உருவம். நச்சோடு சுமாராகப் பொருந்தும் சில செல்கள் மட்டும் பெருகுகின்றன. பெருகும்போது கொக்கியின் உருவம் சற்றே பிசகும். பிசகியதில் முன்பைவிட நன்றாக ஒட்டுவது பிழைக்கும், ஒட்டாதது சாகும். பயிற்சி என்று நாம் சொல்வது உண்மையில் இந்தக் கழித்துக்கட்டல்தான். யாரும் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை.

நிறுத்துங்கள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம் என்று மூன்று முறை போடுவதை ஒரே நாளில் போட்டுவிட்டால் அம்மாவுக்கு அலைச்சல் மிச்சம்தானே?

கழித்துக்கட்ட வாரக்கணக்கில் ஆகும். அதில் தேறிய செல்கள் தயாராக இருக்கும்போது அடுத்த ஊசி போனால்தான் அவை மளமளவென்று பெருகும். ஒரே நாளில் போட்டால் முதல் சுற்று மட்டும்தான் நடக்கும்.

இனி அந்த மாணவியின் கேள்வி. கழித்துக்கட்டலில் தேறியவற்றில் சில நினைவு செல்களாகப் பல வருடம் இருக்கும். ஆனால் அவை விழித்து எதிர்ப்பொருள் சுரக்கச் சில நாட்கள் ஆகும். நச்சு நரம்புக்குள் நுழைந்துவிட்டால் எதிர்ப்பொருளால் அதைத் தொட முடியாது. ஆகவே, காயம் படும்போதே எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்க வேண்டும். அது வருடங்கள் போகப் போகக் குறையும். பத்து வயதிலும் பதினாறிலும் டிடி போடுவது அதை ஏற்றிவைக்கத்தான்.

கடைசியாக ஒரு நிறுத்தம். வகுப்பில் ஒருவன் மட்டும் ஊசி போடவில்லை. மற்றவர்கள் போட்டிருப்பதால் தப்பித்துவிடுவானா? தட்டம்மை என்றால் ஓரளவு தப்பலாம். ரண ஜன்னி பக்கத்துப் பெஞ்சிலிருந்து வருவதில்லை. மைதானத்து மண்ணிலிருந்து வருகிறது.