கோலா நிறத்தில் சிறுநீர் போனால் அது காமாலைதானா?

விடுதியில் நண்பர்களோடு பந்தயம் கட்டி, ஒரே மூச்சில் முந்நூறு ஸ்குவாட் போட்ட 22 வயது மாணவர் அவர். அதற்கு முன் பல மாதங்களாக உடற்பயிற்சியே இல்லை. அன்று இரவு லேசான வலிதான். மறுநாள் தொடை இரண்டும் வீங்கி இறுகிவிட்டன, கழிவறையில் உட்காரக்கூட முடியவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் காலை சிறுநீர் கோலா பானம் மாதிரி கறுத்துப் போனது. நண்பர்கள் மஞ்சள் காமாலை என்றார்கள். வீட்டில் சூடு என்று சொல்லி, இளநீராகக் குடிக்கச் சொன்னார்கள். எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும்போது கையில் ஒரு லேப் ரிப்போர்ட்டும் இருந்தது: கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற என்சைம் 900. சாதாரணமாக 40 வாக்கில் இருக்க வேண்டியது.

காமாலை என்று நினைக்க அதுவே போதும். ஆனால் அதே ரிப்போர்ட்டில், காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின் 0.8தான், அதாவது சாதாரண அளவு. காமாலையால் சிறுநீர் கறுக்க வேண்டுமென்றால் பிலிருபின் ஏறியிருக்க வேண்டும், கண்ணும் மஞ்சளாக இருக்கும். எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை, தசையிலும் நிறைய உண்டு. தசை உடைந்தாலும் அது ஏறும். உடனே தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.பி.கே. என்ற என்சைமைப் பார்த்தோம். வழக்கமாக 200க்குள் இருக்கும் அது, அவருக்கு 62,000.

இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். பழக்கமில்லாத கடும் பயிற்சியில் தசை நார்கள் கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் ரத்தத்தில் கொட்டிவிடுகிறது. முக்கியமாகக் கீழே இறங்கும்போது உடல் எடையைத் தாங்கும் தசைகள்தான் அதிகம் அடிபடும். தோப்புக்கரணத் தண்டனை, ஜிம்மில் சேர்ந்த முதல் வாரம், ஆள்சேர்ப்புக்கு முந்தைய அவசரப் பயிற்சி எல்லாமே இதில் சேரும். வெயிலும் தண்ணீர் குறைவும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

அப்படிக் கொட்டுவதில் இரண்டு பொருள்கள் ஆபத்தானவை. ஒன்று மயோகுளோபின் என்ற தசைப் புரதம். சிறுநீரைக் கறுப்பாக்குவது இதுதான். சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்து, அவற்றின் செல்களையும் கெடுக்கும். சிறுநீரில் ஸ்ட்ரிப் வைத்தால் ரத்தம் இருப்பதாகக் காட்டும், ஆனால் மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு அநேகமாக இருக்காது. இந்த முரண்பாடே ஒரு நல்ல துப்பு. இரண்டாவது பொட்டாசியம். அது ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, நின்றே போகலாம். வெளியே எந்த அறிகுறியும் காட்டாமலும் ஏறும். அதனால்தான் ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இங்கே சரிவராது. வந்தவுடன் ஈ.சி.ஜி. எடுப்பதும் இதற்காகத்தான்.

இளநீர் நல்லதுதானே என்று அவருடைய அம்மா கேட்டார். சாதாரண நாளில் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், இவருக்கோ ரத்தத்தில் அது ஏற்கெனவே ஏறி 5.9 இருந்தது. வலி ஊசியும் அப்படியே: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும் கிரியாட்டினின் அவருக்கு 2.1க்கு ஏறியிருந்ததில் அந்த ஊசிக்கும் பங்கு இருந்திருக்கலாம். வீங்கிய தொடையை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம்.

சிகிச்சையின் அடிப்படை சலைன்தான். மணிக்குச் சுமார் 200 முதல் 300 மில்லி சிறுநீர் போகும் அளவுக்கு ஏற்றினோம், பொட்டாசியத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். டயாலிசிஸ் தேவைப்படவில்லை. தாமதித்து வருபவர்களில் சிலருக்குத் தேவைப்படுகிறது. சி.பி.கே. 5,000க்குக் கீழே இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பினோம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மயோகுளோபின் சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து குறைந்துவிடும், அதனால் மறுநாளே சிறுநீர் தெளியலாம். சி.பி.கே.யோ ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை ஏறிக்கொண்டிருக்கும். நிறம் மாறிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. நிறம் மாறாமலே இந்தப் பாதிப்பு வருவதும் உண்டு.

புதிதாகப் பயிற்சி செய்தவர்களுக்கு உடம்பு வலிப்பது சகஜம். அந்த வலி கொஞ்சம் நடமாடினால் இளகும். ராப்டோமயோலிசிஸில் தசை கல்லாக இறுகி வீங்கும், கையையோ காலையோ தூக்கவே பலம் இருக்காது. அதோடு பாதம் மரத்துப்போவது, விரலை மெல்ல நீட்டினாலே உயிர்போகிற வலி என்றால், தசை உறைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து அதைத் திறந்துவிட வேண்டியிருக்கும். மருத்துவமனையில் நுழைந்ததும் என்ன பயிற்சி, எப்போது செய்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். கொலஸ்டிராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுத்தால் அதையும் சொல்ல வேண்டும்.

மாணவர் சில வாரங்கள் கழித்து, சி.பி.கே. சரியான பிறகு, நடையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அவருக்கு இது ஒரே தடவைதான். லேசான ஓட்டத்துக்கே, அல்லது காய்ச்சலின்போதே சிறுநீர் திரும்பத் திரும்பக் கறுப்பவர்களின் கதை வேறு. தசைக்கு எரிபொருள் தரும் என்சைம்களில் பிறவிக் குறை இருக்கலாம் என்று அவர்களுக்குத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.