மாஸ்டர், கொஞ்சம் மெதுவாகப் போகலாமா? ஜி-யிலிருந்து சி-க்கு விரல்கள் எப்படிப் போகின்றன

மயிலாப்பூரில் ஒரு மாடி வீட்டில் ஞாயிறுதோறும் கிடார் வகுப்புக்குப் போகிறேன். வயது 44, சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. ஜி, சி என்பவை கார்டுகளின் பெயர்கள். சில சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்படி விரல்கள் கம்பிகளைப் பிடிக்கும் விதம்தான் கார்டு, மற்றக் கையால் கம்பிகளை ஒன்றாக வருடி அடிப்பது ஸ்ட்ரம்மிங். போன மாதம் மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நேரில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு பேசினால் பாதியில் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம் என்று தோன்றியது.

"வணக்கம் மாஸ்டர். ஒரு விஷயம் கேட்க வேண்டும், தவறாக நினைக்காதீர்கள். மூன்று மாதத்தில் ஏழு கார்டு, இரண்டு ஸ்ட்ரம்மிங், ஒரு பாட்டு என்று வந்துவிட்டோம். ஒவ்வொரு கார்டையும் தனியாகப் பிடித்தால் ஒலிக்க வேண்டிய கம்பிகள் எல்லாம் சரியாகத்தான் ஒலிக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நின்றுவிடுகிறேன். ஜி-யிலிருந்து சி-க்குப் போவதை செல்போனில் வீடியோ எடுத்துப் பார்த்தேன், 1.8 வினாடி ஆகிறது. பாட்டு நிமிடத்துக்கு 80 தட்டு, அந்த இடைவெளியில் இரண்டு தட்டுக்கு மேல் போய்விடுகிறது. அடுத்த ஒரு மாதம் புதுப் பாட்டு வேண்டாம் மாஸ்டர். ஜி, சி, ஏ மைனர் மூன்றையும் வைத்துக்கொண்டு மாற்றத்தை மட்டும் பழகலாமா? கொஞ்சம் மெதுவாகப் போகலாம், வேகத்தை நான் கேட்கும்போது ஏற்றுங்கள்."

இதை அனுப்புவதற்கு முன்னால், நான் கேட்பது நியாயம்தானா என்று நிறையப் படித்தேன், கையையே வைத்து நிறையச் சோதித்தும் பார்த்தேன். அதில் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 1.8 வினாடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். செல்போன் வீடியோவில் ஒரு வினாடிக்கு 30 படங்கள். கிடாரில் மிக மெல்லிய கம்பிதான் முதல் கம்பி, மிகத் தடித்தது ஆறாவது. ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தால், ஜி-யை விட்டபின் 16-வது படத்தில் மோதிர விரல் ஐந்தாவது கம்பியில் உட்காருகிறது. நடுவிரல் நாலாவது கம்பிக்கு வரும்போது 34. ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பியைத் தொடும்போது 54. அதாவது விரல் மெதுவாக நகரவே இல்லை, ஒவ்வொன்றும் சட்டென்றுதான் போகிறது. நடுவில் காத்திருக்கிறது. முதல் விரல் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்து உறுதி செய்தபிறகுதான் அடுத்த விரலுக்கு உத்தரவே போகிறது. மூன்று விரலுக்கு மூன்று தனித்தனி வேலை.

பல வருடம் வாசித்தவர்களின் கையில் இது மூன்று வேலை இல்லை. மூன்று விரலும் காற்றிலேயே சி-யின் உருவத்துக்கு வந்து ஒன்றாக இறங்கும். மூளை அந்த மூன்று அசைவுகளையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது, உத்தரவும் ஒன்றே ஒன்றுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தில் மட்டும் இல்லை. கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ள மூளைக்கு 0.1 முதல் 0.2 வினாடி தேவை. அதனால் பார்த்துப் பார்த்து வைக்கும் அசைவு ஒரு வகை, பார்க்க நேரமே இல்லாமல் முன்கூட்டியே திட்டம் போட்டு விடும் அசைவு இன்னொரு வகை. முதல் வகையை ஆயிரம் முறை பழகினாலும் அது தானாக இரண்டாவதாக மாறும் என்று சொல்ல முடியாது.

இங்கேதான் என் கடிதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. 'மெதுவாக' என்று மட்டும் கேட்டிருந்தேன். விரலை மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பழகினால் அந்தக் காத்திருப்பைத்தான் நன்றாகப் பழகுவேன். மெதுவாக வேண்டியது பாட்டு, விரல் இல்லை. மாற்றத்துக்கு முன்னால் யோசிக்க நிறைய நேரம் வேண்டும், ஆனால் மாற்றம் நடக்கும்போது மூன்று விரலும் ஒரே தாவலாகப் போக வேண்டும். 80 தட்டில் பாட்டோடு ஓடும்போது இந்த இரண்டுமே கிடைக்காது. யோசிக்க நேரம் இல்லை, அதனால் தாவலும் இல்லை, கை பதறிப்போய் ஒவ்வொரு விரலாகத் தேடுகிறது, அந்தத் தேடலைத்தான் மூளை பதிந்துகொள்கிறது.

மாஸ்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, "சரி சார், ஞாயிறு வாங்க, முதல்ல ஜி-யை வேற விரல்ல பிடிச்சுப் பார்ப்போம்" என்று மட்டும் பதில் போட்டார். கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். அதுவரை நான் ஜி-யைப் பிடித்தது இப்படி: நடுவிரல் ஆறாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட், ஆள்காட்டி ஐந்தாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட், மோதிர விரல் முதல் கம்பி மூன்றாவது ஃப்ரெட். இதிலிருந்து சி-க்குப் போக மோதிர விரல் முதல் கம்பியிலிருந்து ஐந்தாவது கம்பி வரை போக வேண்டும். கழுத்தின் அந்த இடத்தில் ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் சுமார் 7 மில்லிமீட்டர் இடைவெளி, ஆக கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் பயணம். மாஸ்டர் காட்டிய பிடியில் மோதிர விரல் ஆறாவது கம்பிக்கும், நடுவிரல் ஐந்தாவதுக்கும், சுண்டு விரல் முதல் கம்பிக்கும் போகிறது. இப்போது சி-க்குப் போக மோதிர விரலும் நடுவிரலும் தங்களுக்குள் உள்ள உருவத்தை மாற்றாமல் ஆளுக்கு ஒரு கம்பி கீழே இறங்கினால் போதும், 7 மில்லிமீட்டர். சுண்டு விரல் விடுகிறது, ஆள்காட்டி இறங்குகிறது, அவ்வளவுதான்.

தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அளந்து காட்டியபோது இன்னொன்றும் சேர்ந்து வந்தது: போய்ச் சேர வேண்டிய இடம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நேரம் கூடும். கம்பியோ ஒரு மெல்லிய கோடு, அதை ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் தொட வேண்டும், பக்கத்துக் கம்பியில் விரல் படவும் கூடாது. இலக்கைப் பெரிதாக்க நம்மால் முடியாது. தூரத்தைக் குறைக்கலாம்.

இன்னொரு விஷயம் கையின் அமைப்பு. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போவது சுலபம் என்பார்கள். நம் சங்கீதக் கணக்கில் சொன்னால், சி-யை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் சி கார்டு என்பது ச, க, ப மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிப்பது (காந்தாரம் அந்தர காந்தாரம்). ஏ மைனர் என்பது த, ச, க. இரண்டிலும் ச-வும் க-வும் பொது, அதனால்தான் ஆள்காட்டியும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சி-யில் மூன்றாவது கம்பி திறந்தபடி ப ஒலிக்கும். மோதிர விரல் ஐந்தாவது கம்பியை விட்டு அந்த மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டுக்கு வந்தால் ப, த ஆகிவிடும். ஒரே ஒரு விரல்தான்.

ஆனால் அந்த ஒரு விரலைத் தூக்கும்போது எனக்கு நடுவிரலும் கூடவே எழுந்து வந்தது. ஏன் என்று தெரிய மேசை மேல் உள்ளங்கையை விரித்து வையுங்கள். நடுவிரலை மட்டும் மடக்கி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கட்டை விரலைத் தூக்குங்கள், வரும். ஆள்காட்டி வரும், சுண்டு விரலும் வரும். மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அசையாது. புறங்கையில் விரல்களை நிமிர்த்தும் தசைநாண்களுக்கு நடுவே குறுக்காகச் சிறு பட்டைகள் ஓடுகின்றன. நடுவிரல் மடங்கியிருந்தால் அது பக்கத்து நாணையும் சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது நாம் கேட்பது இதைத்தான்: நடுவிரல் மடங்கி அழுத்திக்கொண்டிருக்கும்போது மோதிர விரல் எழ வேண்டும். பட்டையைப் பயிற்சியால் அறுக்க முடியாது. நடுவிரலின் அழுத்தத்தைக் குறைக்க முடியும். கம்பியை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் கரகரப்பு நின்று ஒலி தெளிவாகும் ஓர் இடம் உண்டு, அதற்கு மேல் அழுத்துவது எல்லாம் வீண். நான் அதற்கு மேல் நிறையவே அழுத்திக்கொண்டிருந்தேன், விரல்நுனியில் பதிந்த ஆழமான கோடு அதைக் காட்டியது.

சரி, பயிற்சி. மாஸ்டர் ஆதி தாளத்தை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் குழந்தை சரளி வரிசையை முதல் காலத்தில் பாடிவிட்டுத்தான் இரண்டாம் காலத்துக்குப் போகிறது, நாமும் அப்படியே போகலாம் என்றார். தட்டுகளைச் சீராக ஒலிக்கும் கருவியான மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60-ல், எட்டு எண்ணிக்கை, காலால் தட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றில் ஜி-யை ஒரு முறை வாசிக்க வேண்டும். இரண்டு, மூன்று, நாலு வரை அதைக் கேட்டுக்கொண்டே சி-யின் உருவத்தை மனதில் பார்க்க வேண்டும். ஐந்தில் எல்லா விரலும் கம்பியை விட்டு அரை சென்டிமீட்டர் எழும். ஆறில் காற்றிலேயே சி-யின் உருவம். ஏழில் மூன்றும் ஒன்றாக இறங்கும். எட்டு சும்மா. அடுத்த ஒன்றில் சி ஒலிக்கும். ஒரு விரல் முந்தினாலோ பிந்தினாலோ அந்தச் சுற்று கணக்கில் சேராது. மூன்றும் சேர்ந்து இறங்குவது பழகியபின் ஐந்து, ஆறு, ஏழு மூன்றையும் ஒரே எண்ணிக்கைக்குள் கொண்டுவர வேண்டும்.

தினமும் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். அதற்கும் காரணம் உண்டு. 2002-ல் மாத்யூ வாக்கர் குழுவினர் வலக்கைப் பழக்கம் உள்ளவர்களை இடக்கை விரல்களால் ஐந்து தட்டு கொண்ட ஒரு வரிசையைப் பழகச் சொன்னார்கள். இரவு தூங்கி எழுந்தபின், நடுவில் பயிற்சியே இல்லாமல், வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. விழித்திருந்த நேரத்தில் அப்படிக் கூடவில்லை. அது பொத்தான் தட்டும் எளிய வேலை, கார்டு அதைவிடக் கடினம், அந்த 20-ஐ அப்படியே கிடாருக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஞாயிறு அன்று ஒரு மணி நேரம் ஏழு கார்டு போட்டுப் பார்ப்பதைவிட, ஒரே மாற்றத்தை ஏழு நாள் பழகினால் நடுவில் ஆறு இரவுகள் கிடைக்கின்றன.

முன்னேற்றத்தைக் காதால் மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், ஏனென்றால் தாமதமாக வரும் விரலை ஸ்ட்ரம்மின் சத்தம் மூடிவிடும். அதனால் வாரம் ஒரு முறை வீடியோ. மேலும் கீழும் ஸ்ட்ரம் செய்யும்போது கடைசி மேல் அடிக்கும் அடுத்த கீழ் அடிக்கும் நடுவே அரைத் தட்டுதான் கிடைக்கும். 80-ல் அது 0.375 வினாடி, 11 படங்கள். 60-ல் 15 படங்கள். நாலு வாரத்தில் என்னுடைய 54, 13-க்கு வந்திருக்கிறது, மூன்று விரலும் இரண்டு படங்களுக்குள் சேர்ந்து இறங்குகின்றன. கணக்குப்படி 66 தட்டு வரை தாங்க வேண்டும், தாங்குகிறது. 72-ல் வைத்தால் 12 படங்கள்தான் இடம், அங்கே ஆள்காட்டி விரல் ஒவ்வொரு முறையும் கடைசியாக வருகிறது, இரண்டாவது கம்பி மட்டும் டப் என்று அடைத்து ஒலிக்கிறது. போன ஞாயிறு மாஸ்டரே மெட்ரோனோமைத் திரும்ப 66-க்கு இறக்கிவைத்தார்.