கம்பிக்கு அடியில் ஒரு சின்னக் கட்டி: கவர் பிளாக் சிமென்டா, பிளாஸ்டிக்கா?

ரூஃப் கான்கிரீட்டுக்காக சென்ட்ரிங் தகட்டின் மேல் கம்பி கட்டி முடித்ததும், கம்பி தகட்டில் படாமல் இருக்க அடியில் சின்னச் சின்னக் கட்டிகளைச் செருகுவார்கள். அதுதான் கவர் பிளாக். மேஸ்திரி சிமென்ட் கலவையில் வார்த்ததாக இருக்கலாம், கடையில் மூட்டையாக வாங்கிய பிளாஸ்டிக்காக இருக்கலாம். எதுவானாலும் கான்கிரீட் கொட்டிய பிறகு வெளியே எடுக்க முடியாது. அந்த வீடு இருக்கும்வரை அது கான்கிரீட்டின் ஒரு பாகம்.

முதலில், கம்பியைத் தூக்கி வைப்பது ஏன்? நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம். அதன் பிஎச் அளவு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தச் சூழலில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, துரு பிடிக்காமல் காக்கிறது. ஆனால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போய், அங்குள்ள சுண்ணாம்புச் சத்தைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டே போகும். மாறிய இடத்தில் பிஎச் 9-க்கு அருகில் இறங்கிவிடும். இந்த மாற்றம் கம்பியைத் தொட்டதும் படலம் போய்விடுகிறது. அப்புறம் ஈரமும் காற்றும் கிடைத்தால் போதும், துரு தொடங்கிவிடும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம் தாங்காமல்தான் பழைய வீடுகளின் கூரையில் அடிப்பக்கம் பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது.

இந்த மாற்றம் உள்ளே போகும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு கூரையில் 10 மி.மீ. ஆழம் போக 10 ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மி.மீ. போக 20 ஆண்டு ஆகாது, 40 ஆண்டு ஆகும். திருப்பிப் பாருங்கள்: கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் நடுவே 20 மி.மீ. இருக்க வேண்டிய கவர், பிளாக் நழுவியதால் 10 மி.மீ. ஆகிவிட்டால், கம்பிக்கு இருந்த பாதுகாப்புக் காலம் கால் பங்காகிவிடுகிறது. இந்தியத் தரக்குறிப்பான ஐஎஸ் 456, வெயில் மழை படாத பாதுகாப்பான சூழலுக்குக் குறைந்தது 20 மி.மீ. என்று தொடங்கி, கடற்கரைச் சூழலில் வெளியே வெளிப்பட்டிருக்கும் கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. கேட்பது இதனால்தான். கடல் காற்றில் வரும் உப்பு, காரத்தன்மை குறையும்வரைகூடக் காத்திருக்காது. நேராகவே அந்தப் படலத்தை உடைத்துவிடும்.

சரி, அந்த அளவை யார் காப்பாற்றுவது? வெறும் கம்பியின் எடை ஒரு பெரிய விஷயமே இல்லை. 8 மி.மீ. கம்பியை 150 மி.மீ. இடைவெளியில் இரு பக்கமும் கட்டினால் சதுர மீட்டருக்குச் சுமார் ஐந்தேகால் கிலோதான். பிளாக் உண்மையில் தாங்குவது மேலே நடப்பவரின் காலை. கான்கிரீட் சட்டியோடு நடக்கிற ஆள் முழு எடையையும் ஒரு காலில் ஊன்றும்போது, மெல்லிய கம்பி இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே வளைந்து தகட்டைத் தொடும். அதனால் பிளாக்குகளின் இடைவெளி, கம்பி விட்டத்தைப் போல 50 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று பிரிட்டிஷ் தரக்குறிப்பு சொல்கிறது. 8 மி.மீ. கம்பிக்கு அது 400 மி.மீ. ஆயிரம் சதுர அடிக் கூரைக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 580 பிளாக் வரும். பல இடங்களில் இதில் பாதிகூட வைப்பதில்லை. பிளாக் தீர்ந்துபோனால் ஜல்லியைச் செருகுகிறார்கள். வைப்ரேட்டர் போட்டதும் அது உருண்டுவிடும். இல்லாவிட்டால் கான்கிரீட் கொட்டும்போது கொக்கி போட்டுக் கம்பியைத் தூக்கிவிடுகிறார்கள். கொக்கியை எடுத்ததும் கம்பி எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இனி சிமென்டா, பிளாஸ்டிக்கா என்ற கேள்வி. பிளாக்கின் ஒரு முகம் தகட்டில் உட்கார்ந்திருக்கிறது, மறுமுகம் கம்பியில். ஆக, வெளியிலிருந்து கம்பிவரை போகும் ஒரு நேர்வழியை நாமே வைத்துக் கட்டுகிறோம். அந்த வழியில் தண்ணீர் எவ்வளவு எளிதாகப் போகும் என்பதுதான் தேர்வுக்கு அடிப்படை.

பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் போகாது, உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக்கோடு சிமென்ட் ஒட்டாது. வெயிலில் அது கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரிந்து, இரவில் அதே அளவு சுருங்கும். நாளடைவில் அதைச் சுற்றி முடி அளவு இடுக்கு விழும். மொட்டை மாடிக் கூரை, தண்ணீர்த் தொட்டி, கடலோரக் கட்டடம் ஆகியவற்றில் அந்த இடுக்கே வாய்க்கால். நல்ல பிளாஸ்டிக் பிளாக்கில் நிறையத் துவாரங்கள் இருப்பது, கான்கிரீட் உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ளட்டும் என்பதற்காக. கட்டியாக, துவாரமில்லாமல் இருப்பதை வாங்காதீர்கள்.

சிமென்ட் பிளாக் சுற்றியுள்ள கான்கிரீட்டோடு ஒட்டும். வெயிலில் அதோடு சேர்ந்தே விரியும். ஆனால் இது நல்ல பிளாக்குக்கு மட்டும் பொருந்தும். சைட்டில் நடப்பது வேறு. மீந்த பூச்சுக் கலவையைத் தார்ப்பாயில் பரப்பி, கரண்டியால் சதுரமாகக் கீறி, கட்டுக்கம்பி செருகி, மறுநாளே எடுத்து வைத்துவிடுவார்கள். கூரைக் கான்கிரீட்டைவிடப் பலமடங்கு பலவீனமான, தண்ணீர் உறிஞ்சும் கட்டி அது. என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட சிமென்ட் பிளாக்கைவிட ஒழுங்கான பிளாஸ்டிக் எவ்வளவோ மேல்.

ஒழுங்காகச் செய்வதும் கஷ்டமில்லை. ஒரு பங்கு சிமென்டுக்கு இரண்டு பங்கு மணல், குறைந்த தண்ணீர், அளவு சரியாக வர ஒரு அச்சு. வார்த்த பின் ஒரு வாரமாவது தண்ணீரில் ஊற வேண்டும். நான்கு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆணியால் கீறினால் மாவாக உதிரக்கூடாது. வைக்கும் முன் நனைத்துவிடுங்கள். காய்ந்த பிளாக், தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டிலிருந்து தண்ணீரை உறிஞ்சி அந்த வளையத்தைச் சோகையாக்கிவிடும். அப்புறம் கட்டுக்கம்பியின் முறுக்கிய நுனியை மேலே மடக்கிவிட வேண்டும். கீழே நீட்டிக்கொண்டிருந்தால், தகட்டைப் பிரித்த சில மாதங்களில் கூரையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரும்.

பாரம் அதிகம் உள்ள பூட்டிங்கிலும் சிமென்டே பொருத்தம். அங்கே கவர் 50 மி.மீ.; பில்லர் கம்பி முழுவதும் அந்த வலையின் மேல் நிற்கும். மெல்லிய பிளாஸ்டிக் கால்கள் அங்கே நசுங்கிவிடும்.

பில்லரின் பக்கவாட்டில் மட்டும் பிளாஸ்டிக் சக்கரத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. கட்டுக்கம்பியில் தொங்கும் சிமென்ட் பிளாக், பலகைப் பெட்டியை இறக்கும்போது ஒருபக்கம் சாய்ந்து திரும்பிக்கொள்ளும். சக்கரமோ ரிங் கம்பியில் க்ளிப் போலப் பிடித்துக்கொள்ளும். எப்படித் திரும்பினாலும் ஆரம் ஒன்றுதானே, கவர் மாறாது. பலகையைத் தொடுவதும் ஒரு விளிம்பு மட்டுமே. வீட்டுக்கு உள்ளே, பூச்சுக்கு அடியில் மழை படாத பில்லரில் அந்த இடுக்கைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே வீட்டில் பூட்டிங்குக்கும் கூரைக்கும் சிமென்ட், உள் பில்லருக்குப் பிளாஸ்டிக் என்று கலந்து வாங்கலாம். அளவு மட்டும் 20, 40, 50 என்று தனித்தனி மூட்டையில் இருக்கட்டும். கலந்துவிட்டால், கைக்கு வந்ததைத்தான் செருகுவார்கள்.