பத்து ஷாஃப்ட், இரண்டு சுற்று: அனுபவம் இல்லாதவரை எடைபோடும் விதம்

கோவையைச் சுற்றியுள்ள லேத், சி.என்.சி. பட்டறைகளுக்கு ஆள் தேர்வு செய்து, பயிற்சி கொடுத்து அனுப்புவது என் தொழில். முதலாளிகள் பலர் என்னிடம் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: "அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை சார், நல்ல பையனாக இருந்தால் போதும், வேலையை நாங்கள் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறோம்." நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த 'நல்ல பையனை' அவர்கள் கண்டுபிடிக்கும் முறையைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பத்து நிமிட நேர்காணலில் பணிவாகப் பேசினானா, சொந்த ஊர்ப் பக்கமா, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினானா என்று பார்க்கிறார்கள். பணிவு வேறு, கற்றுக்கொள்ளும் திறன் வேறு. அதிகம் பேசாத, முகத்தில் சிரிப்பே வராத எத்தனையோ பேர் இந்த இடத்தில் வடிகட்டப்பட்டு வெளியே போகிறார்கள்.

கற்றுக்கொள்வாரா என்பதை அறிய நேர்வழி, அங்கேயே கொஞ்சம் கற்றுக்கொடுத்துப் பார்ப்பது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. பிரிட்டனில் சில்வியா டவுன்ஸ் என்ற ஆய்வாளர் தையல் இயந்திர வேலைக்கு வருபவர்களுக்காக இப்படியொரு சோதனையை வகுத்தார். பயிற்றுநர் வேலையின் ஒரு சிறு பகுதியைச் சொல்லித்தருவார். சந்தேகம் கேட்க இடம் கொடுப்பார். பிறகு விண்ணப்பதாரர் தனியாகச் செய்வார். என்னென்ன பிழைகள் வந்தன என்று பயிற்றுநர் குறித்துக்கொள்வார். அந்த முறையைத்தான் பட்டறைக்கு ஏற்ப மாற்றி வைத்திருக்கிறேன். நான் சேர்த்தது இரண்டாவது சுற்று ஒன்றுதான்.

பம்ப்புக்கான ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, செய்யும் ஒரு பட்டறையில் தரப் பரிசோதகர் பணிக்கு இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் வேறொரு பட்டறையில் இதே வேலையைச் செய்தவர். இன்னொருவர் கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் பரிசோதித்துக்கொண்டிருந்த பெண். விட்டத்தை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் தொட்டதே இல்லை. பயோடேட்டாவை மட்டும் பார்த்திருந்தால் அவரை அழைத்தே இருக்க மாட்டார்கள்.

அந்தப் பட்டறையின் மூத்த பரிசோதகர் இருவருக்கும் தனித்தனியாக ஒரே பாடத்தை எடுத்தார். ஷாஃப்ட்டின் விட்டம் 20 மி.மீ.; டிராயிங்படி 19.95-இலிருந்து 20.05 வரை இருக்கலாம். மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. வரை காட்டும். அளக்கும் முன் முனைகளைத் துடைத்து, மூடி, பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். ராட்செட்டைத் திருகித்தான் இறுக்க வேண்டும். நேர்கோட்டில் அரை மில்லிமீட்டர் கோடு தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். பாடம் கால் மணி நேரத்தில் முடிந்தது. பிறகு பத்து ஷாஃப்ட்டுகளும் ஒரு மைக்ரோமீட்டரும் கொடுத்தோம். அந்த மைக்ரோமீட்டர் மூடிய நிலையில் 0.03 காட்டும்படி வைத்திருந்தோம். அதாவது அது 19.97 என்று காட்டினால் உண்மை அளவு 19.94, அந்த ஷாஃப்ட் கழிபட வேண்டியது.

அனுபவம் உள்ளவர் மளமளவென்று முடித்தார். கை லாவகம் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பூஜ்யத்தைப் பார்க்கவே இல்லை. பத்து அளவுகளும் ஒரே சீராக 0.03 கூடுதல். கழிபட வேண்டிய இரண்டு ஷாஃப்ட்டுகள் தேறிவிட்டன. அந்தப் பெண் மிக மெதுவாகச் செய்தார். பூஜ்யத்தைப் பார்த்தார், 0.03 என்று எழுதிக்கொண்டார், ஒவ்வொன்றிலும் கழித்தார். ஆனால் மூன்று ஷாஃப்ட்டுகளில் அரை மில்லிமீட்டர் கோட்டைத் தவறவிட்டு, 19.97 என்று படிக்க வேண்டியதை 19.47 என்று படித்துவிட்டார். எண்ணிக்கையில் பார்த்தால் இருவருக்கும் பிழை உண்டு. இத்தோடு நிறுத்தியிருந்தால், "வேகமாகவாவது செய்கிறாரே" என்று அனுபவஸ்தரைத்தான் எடுத்திருப்பார்கள்.

இருவரிடமும் பிழையை ஒரே ஒரு முறை, குரலை உயர்த்தாமல், காட்டினோம். பிறகு வேறு பத்து ஷாஃப்ட்டுகள். அனுபவம் உள்ளவர் "அதெல்லாம் எங்கள் கம்பெனியில் கேலிபரேஷன் பார்க்கிறவர் பொறுப்பு" என்றார். முதல் நான்கில் வித்தியாசத்தைக் கழித்தார். ஐந்தாவதிலிருந்து கை பழைய ஓட்டத்துக்குத் திரும்பிவிட்டது. அவர் மோசமான பணியாளர் அல்லர். கருவிகளைத் தனி அறையில் சரிபார்த்துக் கொடுக்கும் பெரிய ஆலையில் அவர் வேகம் ஒரு சொத்து. இந்தச் சிறிய பட்டறையில் அப்படி ஓர் அறை கிடையாது. அந்தப் பெண் இரண்டாம் சுற்றிலும் மெதுவாகத்தான் செய்தார். அரை மில்லிமீட்டர் பிழை ஒன்றுகூட இல்லை. சந்தேகம் வந்த ஒரு ஷாஃப்ட்டை, யாரும் சொல்லாமலே, வேறு கோணத்தில் திருப்பி மறுபடி அளந்தார்.

நான் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான். பிழையின் எண்ணிக்கையைவிட, சுட்டிக்காட்டிய பிழை அடுத்த சுற்றில் என்ன ஆனது என்பதே பேசுகிறது. புதுப் பிழை வருவதில் எனக்கு வருத்தமில்லை. சொன்ன அதே பிழை திரும்பி வந்தால்தான் யோசிப்பேன்.

பிறகு அந்தப் பெண்ணின் பழைய வேலையைப் பற்றி விசாரித்தோம். பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டர் பற்றிச் சொன்னார்: "பால் சூடாக இருந்தால் அளவு குறைவாகக் காட்டும் சார். வெப்பநிலையைப் பார்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதைப் பார்க்காமல் எழுதினால் பால் கொண்டுவந்தவருக்கு நஷ்டம்." கருவி காட்டுவதை அப்படியே நம்பக் கூடாது என்ற பழக்கம் அங்கிருந்து வந்திருக்கிறது. தெரிந்தவர்கள் கொண்டுவரும் பாலில் அளவு குறைந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். "அவர்கள் கண் முன்னால் இன்னொரு முறை வைத்துக் காட்டுவேன். அப்போதும் குறைந்தால் குறைவாகத்தான் எழுதுவேன். எங்கள் சித்தப்பாவே இரண்டு நாள் பேசவில்லை" என்றார். மாலையில் லாரி வாசலில் நிற்கும்போது சூப்பர்வைசர் "இதை விட்டுவிடும்மா" என்று நெருக்குவார். தரப் பரிசோதகர் அதற்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். "நீங்கள் நேர்மையானவரா?" என்று கேட்டிருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது. நடந்ததைக் கேட்க வேண்டும்.

இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இரவு ஷிப்டில் தனியாக நின்று இயந்திரத்தை செட் செய்ய நாளைக்கே ஆள் வேண்டுமென்றால் அனுபவத்தைத்தான் எடுக்க வேண்டும். அங்கே ஒரு பிழை டூலையும் கெடுக்கும், ஆளையும் காயப்படுத்தும். இத்தகைய சோதனைகள் பயிற்சிக் காலத்தில் ஒருவர் எப்படித் தேறுவார் என்பதை ஓரளவு நன்றாகச் சொல்கின்றன; காலம் செல்லச் செல்ல அந்தக் கணிப்பின் வலு குறைகிறது என்றே ஆய்வுகளும் காட்டுகின்றன. மூன்று ஆண்டு கழித்து ஒருவர் எப்படி இருப்பார் என்று இருபது ஷாஃப்ட்டுகளை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். "கற்றுக்கொள்கிற ஆள்" என்று எடுத்துவிட்டு, கற்றுக்கொடுக்க ஆள் வைக்காத பட்டறைகள் நிறைய. சம்பளம் குறைவு என்பதற்காகவே புதியவரை எடுத்து, முதல் நாளே தனியாக நிறுத்தி, மாதக் கடைசியில் "இவருக்கு வராது" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே நியமனத்துக்குச் சம்மதிக்கும் முன் முதலாளியிடம் எழுதி வாங்குகிறேன்: யார் சொல்லித்தருவார், தினமும் எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் அவருடைய உற்பத்திக் கணக்கு எவ்வளவு குறைக்கப்படும். அந்தப் பெண்ணை எடுத்த இந்தப் பட்டறையில் மூத்த பரிசோதகருக்குக் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். மூன்றாவது வாரம் வரை புதியவர் தேர்வு செய்ததை அவர் மறுபடி அளந்து பார்த்தார். இருவர் அளவும் ஒத்துப்போன பிறகே அந்தப் பெண்ணின் கையெழுத்தில் ஷாஃப்ட்டுகள் வெளியே போயின.