போட்டோவில் நெல் எண்ணும்போது மூன்று மூட்டை எங்கே கூடுகிறது?

குறுவை அறுவடை நேரத்தில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். விவசாயப் படிப்பு முடித்துவிட்டு அப்பாவின் நிலத்தையே பார்த்துக்கொள்கிறவர். ஆடுதுறை 43 என்ற நெல் ரகம் போட்டிருந்தார். அறுப்பதற்கு முன்னால் மகசூலைக் கணக்குப் பார்க்க, பத்து கிராம் நெல்லைப் பரப்பி போட்டோ எடுத்து, கணினியில் எண்ணியிருக்கிறார்.

"சார், ஆயிரம் மணி எடை 16.8 கிராம் வருது. நல்ல நெல்லுதானே?"

ஆடுதுறை 43-க்குப் பொதுவாகச் சொல்லப்படும் எடை பதினைந்தரை கிராமை ஒட்டி இருக்கும். விதைப் பரிசோதனையில் பல வருஷமாக இருக்கிறேன், ஒரு கிராமுக்கு மேல் கூடினால் முதலில் கணக்கைத்தான் சந்தேகப்படுவேன். "தம்பி, அந்தப் பத்து கிராமைக் கொட்டிவிடாதீங்க. கையால ஒரு தடவை எண்ணிப் பாருங்க" என்றேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்தார். கணினி சொன்னது 598. கையெண்ணிக்கை 647.

கணக்கு எளிமையானதுதான். எடையை மணிகளின் எண்ணிக்கையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அவர் தராசில் காட்டியது 10.02 கிராம். அதை 598-ஆல் வகுத்தால் 16.76, 647-ஆல் வகுத்தால் 15.49. எண்ணிக்கை வகுக்கும் இடத்தில் இருப்பதால், விட்டுப்போகும் ஒவ்வொரு மணியும் மீதி மணிகளைக் கனமாக்கிக் காட்டும். ஒரு சதுர மீட்டரில் 320 கதிர், கதிருக்கு 110 நிறைந்த மணி என்று அவர் ஏற்கனவே எண்ணி வைத்திருந்தார். 16.76 என்று போட்டால் சதுர மீட்டருக்கு 590 கிராம் வருகிறது, 15.49 என்று போட்டால் 545 கிராம். ஏக்கருக்குப் பார்த்தால் ஏறக்குறைய 180 கிலோ வித்தியாசம். அறுபது கிலோ மூட்டையில் மூன்று மூட்டை, வயலில் இல்லாமல் தாளில் மட்டும் விளைந்துவிடுகிறது.

அந்த 49 மணிகள் எங்கே போயின? படத்தை அனுப்பச் சொன்னேன். வெள்ளைத் தாளில் நெல்லைப் பரப்பி, வெயிலில் வைத்து எடுத்திருந்தார். ஒவ்வொரு மணிக்குப் பக்கத்திலும் ஒரு நிழல். நிழலும் மணியும் சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டாகி, அடுத்த மணியைத் தொட்டுவிட்டது. கணினிக்கு நெல் தெரியாது, திட்டுதான் தெரியும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மணி அதற்கு ஒன்றுதான்.

இது நடந்திருக்கிறதா என்பதைக் கையால் எண்ணாமலும் கண்டுபிடிக்கலாம். ImageJ போன்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு திட்டின் பரப்பையும் பட்டியலாகக் கொடுக்கும். அதைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். ஒரே ரகத்து நெல்லில் பெரும்பாலான திட்டுகள் ஒரு அளவைச் சுற்றியே இருக்கும். அவர் படத்தில் அது 2,400 பிக்சல் புள்ளிகளை ஒட்டி இருந்தது. பட்டியலின் கடைசியில் 4,500, 4,900 என்று ஒரு கூட்டம் இருந்தது, அவை ஒட்டிய ஜோடிகள். ஏழாயிரத்துக்கு மேல் நான்கு இருந்தன, அவை மூன்று மூன்றாக ஒட்டியவை. ஜோடிகள் 41. ஜோடிக்கு ஒன்று, மும்மணிக்கு இரண்டு என்று கூட்டினால் விட்டுப்போன 49-ம் வந்துவிட்டது.

இப்படி ஒட்டியதைப் பிரிக்க Watershed என்று ஒரு வசதி அதே மென்பொருளில் இருக்கிறது. தம்பி அதையும் போட்டுப் பார்த்தார். 671 வந்தது. அது உருண்டையான பொருளுக்குப் பொருந்துகிற வழி. பயறு, கடுகுக்கு நன்றாக வேலை செய்யும். நெல் நீளமானது, படத்தில் ஓரம் கொஞ்சம் பிசிறாக இருந்தாலே நடுவில் இடுப்பு இருப்பதாக நினைத்து ஒரே மணியை இரண்டாக வெட்டிவிடும். ஒரு பக்கம் சில ஜோடிகள் ஒட்டியே இருக்கும், இன்னொரு பக்கம் சில மணிகள் இரண்டாகியிருக்கும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டி, தற்செயலாகச் சரியான எண் வந்துவிட்டால் அதைவிட ஆபத்து இல்லை. அடுத்த மாதிரியில் அது ஈடுகட்டாது. அதனால் நெல்லுக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

மென்பொருளில் பிரிப்பதைவிடத் தட்டிலேயே பிரித்துவிடுவது மேல். கறுப்புச் சார்ட் அட்டை, பளபளப்பு இல்லாததாக, ஏ4 அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நெல்லுக்கும் வெள்ளை அரிசிக்கும் கறுப்பே நல்லது, நிழல் விழுந்தாலும் கறுப்பில் கறுப்பாகக் கரைந்துவிடும். அட்டையைத் தட்டில் வைத்து நெல்லைத் தூவி, தட்டின் ஓரத்தை விரல் முட்டியால் தட்டினால் பாதிக்குமேல் தானாகப் பிரியும். மிச்சத்தை ஒரு ஈர்க்குச்சியால் தள்ளிவிடலாம். பத்து கிராமுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். திண்ணை நிழலில் வைத்து, பிளாஷ் அணைத்து, போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். இப்போதுள்ள சாதாரண 12 மெகாபிக்சல் போனில் ஏ4 அளவு முழுப்படமாக வந்தால் மில்லிமீட்டருக்குப் பதின்மூன்று புள்ளி கிடைக்கும், எண்ணுவதற்கு அது தாராளம். நீளம் அகலம் அளப்பதாக இருந்தால் படத்தில் அளவுகோல் வைக்க வேண்டும், எண்ணிக்கைக்கு அது வேண்டாம்.

ImageJ-யில் படத்தைத் திறந்து இதை மேக்ரோவாக ஓட்டினால் போதும்:

```
run("8-bit");
setAutoThreshold("Otsu dark");
run("Convert to Mask");
run("Analyze Particles...", "size=500-Infinity pixel show=Outlines display clear summarize");
```

500 புள்ளிக்குக் குறைந்த தூசி, உமித்துண்டு எல்லாம் விலகிவிடும். உங்கள் படத்தில் ஒரு மணி எத்தனை புள்ளி என்று பார்த்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை அங்கே போடுங்கள். வேலை முடிந்ததும் வருகிற கோட்டுப்படத்தை உண்மைப் படத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

Analyze Particles பெட்டியில் Exclude on edges என்று ஒரு கட்டம் இருக்கும். படத்தின் ஓரத்தைத் தொடும் பொருள்களை அது கணக்கிலிருந்து நீக்கிவிடும். மணியின் சராசரி நீளம் பார்ப்பவர்களுக்கு அது சரி. நமக்கு அது கூடவே கூடாது. எடைபோட்ட மணி ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். ஓரத்தில் பாதி தெரியும் மணிக்கும் தராசில் எடை இருக்கிறது. அதனால் நான்கு பக்கமும் ஒரு விரல் அகலம் வெறும் கறுப்பு தெரியும்படி எடுங்கள். அப்புறம், படம் எடுத்தபின் அதே நெல்லைத் திரும்பத் தராசில் போடுங்கள். முதல் எடையிலிருந்து ஒரு மணியின் எடைக்கு மேல் குறைந்தால் எங்கோ சிதறியிருக்கிறது என்று அர்த்தம்.

தராசு பற்றியும் சொல்லிவிடுகிறேன். சமையலறைத் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். அது 10 என்று காட்டும்போது உள்ளே 9.5-ம் இருக்கலாம், 10.5-ம் இருக்கலாம். இரண்டு பக்கமும் ஐந்து சதவீதம், மொத்த உழைப்பும் வீண். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். ஆனால் அது இருக்கிறது என்பதற்காக, சரியாக 10.00 வரும்வரை ஒவ்வொரு மணியாகப் போட்டும் எடுத்தும் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்போது கை தன்னையறியாமல் சின்ன மணியையோ பெரிய மணியையோ தேடும். குவியலை நன்றாகக் கலந்து, நாலாகக் கூறு போட்டு, எதிரெதிர்க் கூறுகளைச் சேர்த்துத் திரும்பக் கூறு போட்டு, சுமார் பத்து கிராமுக்கு வந்ததும் நிறுத்துங்கள். தராசு 9.87 என்று காட்டினால் 9.87 என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் தெரியாத ஒன்று பதர். மேலிருந்து பார்த்தால் பதருக்கும் நிறைந்த மணிக்கும் ஒரே வடிவம், ஒரே பரப்பு. பரப்புப் பட்டியலிலும் அது பிடிபடாது. தம்பியின் 647-ல் முப்பது பதர் இருந்திருந்தால் என்ன ஆகும்? ஒரு பதர் மூன்று மில்லிகிராம் அளவுதான், முப்பதும் சேர்ந்து 0.09 கிராம். மீதி 617 நிறைந்த மணிகளுக்கு 9.93 கிராம், அதாவது ஆயிரத்துக்கு 16.09. கலந்து எண்ணினால் 15.49. விட்டுப்போகும் மணி எடையைக் கூட்டிக் காட்டுவது போல, பதர் குறைத்துக் காட்டும். மகசூல் கணக்குக்குக் கதிரில் நிறைந்த மணியை மட்டும்தான் எண்ணுகிறோம், ஆயிரம் மணி எடையும் நிறைந்த மணிக்குத்தான் இருக்க வேண்டும். நல்லவேளையாக அவர் வீட்டில் முறத்தில் இரண்டு தடவை புடைத்துத்தான் எடுத்திருந்தார். எண்ணியபின் ஐம்பது மணியை நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன், ஒன்றுகூட அமுங்கவில்லை.

கடைசியாக ஈரப்பதம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்ற எல்லைக்காக மீட்டர் வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். தம்பியின் நெல் 19 சதவீதம் காட்டியது. ரகங்களை ஒப்பிடவும் மகசூல் கணக்குக்கும் 14 சதவீதத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, வருவதை 86-ஆல் வகுத்து, எடையோடு பெருக்க வேண்டும். 15.49 × 81 / 86 = 14.59. சதுர மீட்டருக்கு 545 கிராம் என்றது இப்போது 514 ஆகிவிட்டது. முதலில் சொன்ன 590-லிருந்து ஏக்கருக்குச் சுமார் 300 கிலோ, ஐந்து மூட்டை குறைவு.

ஒரு மாதிரியோடு நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பரிசோதனைக் கூடத்தில் நூறு நூறாக எட்டு முறை எண்ணி எடைபோட்டு, அந்த எடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகின்றன என்று காட்டும் மாறுபாட்டுக் கெழு நான்கு சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்போம். வயலுக்கு அவ்வளவு வேண்டாம், தனித்தனியாகக் கூறு போட்ட மூன்று மாதிரி போதும். கறுப்பு அட்டையில் அவர் திரும்ப எடுத்த மூன்றும் 15.42, 15.49, 15.57 என்று வந்தன. மூன்றிலும் பட்டியலின் கடைசியில் ஜோடி எதுவும் இல்லை. மூன்றின் சராசரியும் 15.49தான்.

"அப்போ 14.6-ன்னு எழுதிக்கட்டுமா சார்?" என்றார்.

"எழுதிக்குங்க தம்பி. பக்கத்திலேயே 14 சதவீத ஈரம்னும் எழுதிடுங்க" என்றேன்.