புது எண்ணிலிருந்து முதல் செய்தி ஏன் போவதில்லை

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அல்சூரில் பலகாரம் செய்து விற்கும் அக்கா ஒருவர் என் வீட்டுக்கு வந்து போனை நீட்டினார். "தம்பி, நீங்க இந்த மெசேஜ் சம்பந்தப்பட்ட வேலைதானே பாக்கறீங்க? என் அக்கவுண்ட்டைப் பூட்டிட்டாங்க. நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

பெங்களூரில் பத்து வருடமாக ஸ்பேம் தடுப்பு வேலை பார்க்கிறேன். அவர் பயன்படுத்திய ஆப் எங்கள் நிறுவனத்துடையது இல்லை. ஆனாலும் இந்தப் பூட்டு எல்லா ஆப்பிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

நடந்தது இதுதான். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் அவருடைய போன் திருடு போய்விட்டது. மறுநாளே புது போனும் புது சிம்மும் வாங்கிக்கொண்டார். பழைய வாடிக்கையாளர் எண்களெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததால் அவற்றைப் புது போனில் ஏற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரே செய்தியை அனுப்பத் தொடங்கினார். தீபாவளி ஆர்டர் ஆரம்பித்துவிட்டது என்று நாலு வரி, விலைப்பட்டியல் படம், கடைசியில் மகள் செய்து கொடுத்த ஆர்டர் படிவத்தின் லிங்க்.

அவர் போனை வாங்கி ஒவ்வொரு உரையாடலாகத் திறந்து நேரத்தைப் பார்த்தேன். முதல் செய்தி 10:42. இருபத்து மூன்றாவது செய்தி 10:53. இருபத்து நான்காவது போகவில்லை. அதற்கு முன்னால் போனவர்களில் மூன்று பேர் பதில் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் கன்னடத்தில் "யாரு நீவு?" என்று மட்டும் கேட்டிருந்தார். அவருக்கு அக்காவின் பெயரைத் தட்டி அனுப்பிப் பார்த்தேன், உடனே போனது. அடுத்த புது எண்ணுக்கு அனுப்பினேன், போகவில்லை.

அந்த இரண்டு முயற்சியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. கணக்கு பூட்டப்படவில்லை. ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்களிடம் தாராளமாகப் பேசலாம். இதுவரை பேசாத ஒருவரிடம் முதல் வார்த்தையைத் தொடங்கும் உரிமை மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

பலரும் இதை "நாளுக்கு இத்தனை மெசேஜ்" என்ற கணக்காக நினைக்கிறார்கள். எஸ்எம்எஸ் காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒரு சிம்முக்கு நாளுக்கு 100 எஸ்எம்எஸ் என்று கட்டுப்பாடு கொண்டுவந்து, சில வாரங்களிலேயே அதை 200 ஆக்கியது. அம்மாவுக்கு அனுப்புவதும் ஊர் பேர் தெரியாதவருக்கு அனுப்புவதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். இப்போதைய ஆப்கள் எண்ணுவது வேறு. நண்பரோடு ஒரே நாளில் ஐந்நூறு செய்தி பேசினாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நீங்கள் புதிதாகக் கதவைத் தட்டிய வீடுகள் எத்தனை, அதில் எத்தனை பேர் கதவைத் திறந்தார்கள் என்பதைத்தான் எண்ணுகிறார்கள்.

புதுக் கணக்கிடம் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? புகார் எப்போதும் தாமதமாகத்தான் வரும். மோசடிச் செய்தி ஒன்று காலை பத்து மணிக்கு வந்தால், வேலையில் இருப்பவர் மதியம் பார்ப்பார், ஒரு சிலர் பிளாக் செய்வார்கள், அதைவிடக் குறைவானவர்கள்தான் புகார் கொடுப்பார்கள். முதல் நாலைந்து மணி நேரத்துக்கு அந்தக் கணக்கு நல்லதா கெட்டதா என்று சொல்ல எங்களிடம் எந்தத் தகவலும் இருக்காது. வாட்ஸப் போன்ற ஆப்களில் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதால் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும் முடியாது. கண்ணுக்குத் தெரிவது கணக்கின் வயது, அனுப்பும் வேகம், புது ஆட்களின் எண்ணிக்கை, பதில், பிளாக், புகார் இவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மோசடிக்காரன் நிமிடத்துக்கு 30 பேருக்கு அனுப்புகிறான், முதல் புகார் நாலு மணி நேரம் கழித்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 7,200 பேரைத் தொட்டிருப்பான். ஆயிரத்தில் ஒருவர் ஏமாந்தாலும் ஏழு குடும்பம் பணத்தை இழந்திருக்கும். அதே கணக்குக்கு முதல் நாளில் 20 புது ஆட்கள்தான் என்று வரம்பு இருந்தால், ஒருவரை ஏமாற்றவே அவனுக்கு ஐம்பது சிம் வேண்டும். அவனைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அந்தத் தொழில் அவனுக்குக் கட்டுப்படியாகாது. வரம்பின் வேலை அதுதான்.

உள்ளே இது பெரும்பாலும் ஒரு குடம் மாதிரி வைக்கப்பட்டிருக்கும். புதுக் கணக்குக்குச் சின்னக் குடம். முன்பின் பேசாத ஒருவருக்கு அனுப்பும்போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கப்படும். குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் ஊறிக்கொண்டே இருக்கும், மணிக்கு ஒரு டம்ளர் என்பதுபோல. குடம் காலியானால் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். யாராவது பதில் போட்டால் அந்த உரையாடலுக்கு அப்புறம் தண்ணீர் செலவில்லை. பதில்கள் நிறைய வரவர குடமே பெரிதாகும். பிளாக்கும் புகாரும் வந்தால் குடம் சுருங்கும், சில சமயம் குழாயையே அடைத்துவிடுவார்கள். சரியான எண்களை நிறுவனங்கள் பொதுவாக வெளியே சொல்வதில்லை. இருபது என்று சொன்னால் மோசடிக்காரன் பத்தொன்பதில் நிறுத்திவிட்டு அடுத்த சிம்முக்குப் போய்விடுவான்.

அக்கா வருத்தப்பட்டது வேறு காரணத்துக்கு. "ஆறு வருஷமா என்கிட்ட வாங்கறவங்க தம்பி. அவங்க எப்படி எனக்கு அந்நியம்?" நியாயமான கேள்வி. அவர் போனில் அந்த எண்கள் எல்லாம் பெயரோடு பதிவாகியிருந்தன. ஆனால் ஆப் பார்ப்பது எதிர்த் திசையை. வாங்குபவர்களின் போனில் பதிவாகியிருப்பது திருடு போன பழைய எண். இந்தப் புது எண் அவர்கள் யாரிடமும் இல்லை. ஒருவரின் எண்ணை நீங்கள் பதிந்து வைப்பது மோசடிக்காரனாலும் முடியும், பத்தாயிரம் எண்ணைக்கூட ஒரே நிமிடத்தில் ஏற்றிவிடுவான். அவர் உங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறாரா என்பதைத்தான் அவனால் பொய்யாகக் காட்ட முடியாது. வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் போவதும் இந்தக் காரணத்தால்தான்.

இதோடு வேறு மூன்று விஷயங்களும் சேர்ந்துகொண்டன. எல்லோருக்கும் எழுத்து மாறாத ஒரே செய்தி, முதல் செய்தியிலேயே லிங்க், பதினொரு நிமிடத்தில் இருபத்து மூன்று பேர். மோசடிக் கணக்கின் முதல் காலையும் இப்படியேதான் இருக்கும். செய்தி தடைபட்டதும் அக்கா நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்திருக்கிறார். அதுவும் கேடுதான். தடைக்குப் பிறகு விடாமல் முட்டுவது மனிதரைவிட இயந்திரத்தின் பழக்கம் என்பதால், பல ஆப்களில் காத்திருக்கும் நேரம் அதனால் நீளும்.

உங்களுக்கு இப்படி ஆனால், எது நின்றிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய உரையாடலில் போய், புது ஆளுக்குப் போகவில்லை என்றால் அது முதல் தொடர்பு வரம்பு, பொறுத்தால் சரியாகும். டெலிகிராமில் ஒருவரையொருவர் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று காட்டும். அங்கே @SpamBot என்ற கணக்கில் கேட்டால், உங்கள் மேல் தடை இருக்கிறதா, எப்போது விலகும் என்று சொல்லும். செய்தி போய்விட்டது, ஆனால் பார்த்ததாகவே தெரியவில்லை என்றால், அது எதிரே இருப்பவரின் ரிக்வெஸ்ட் பெட்டியில் கிடக்கலாம். இன்ஸ்டாகிராமில் 2023 முதல், உங்களைப் பின்தொடராதவருக்கு எழுத்தாக ஒரே ஒரு செய்திதான் அனுப்ப முடியும். படமும் அடுத்த செய்தியும் அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான். இதில் தண்டனை எதுவும் இல்லை, எல்லோருக்கும் உள்ள விதி. பழைய உரையாடலும் சேர்ந்து நின்றுவிட்டால்தான் கணக்கே முடக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஆப்புக்குள்ளேயே மறுபரிசீலனை கேட்க வேண்டும்.

அக்கா இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குப் பகீரென்றது. போன் ரிப்பேர் கடையில் ஒரு பையன், "ரெண்டு வருஷப் பழைய அக்கவுண்ட் ஒண்ணு 1,500 ரூபாய்க்குத் தரேன், எத்தனை பேருக்கு வேணாலும் அனுப்பலாம்" என்று சொல்லியிருக்கிறான். பழைய கணக்கின் குடம் பெரியது. அதனால் அதற்குச் சந்தை விலை இருக்கிறது. அந்தக் கணக்குகள் வானத்திலிருந்து விழுவதில்லை. வீட்டிலிருந்தே வருமானம் என்று நம்பி க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, தன் கணக்கை யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டவர்களுடையவை பல. ஓடிபியைச் சொல்லி ஏமாந்தவர்களுடையவை மீதி. அதிலிருந்து மோசடிச் செய்தி போனால் போலீஸ் முதலில் வருவது சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் போனில் செட்டிங்ஸுக்குள் போய், இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலை இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். தெரியாத சாதனம் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

அக்காவுக்கு நான் சொன்ன வழி எளிமையானது. அவரிடமே ஆறு வருடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, அதைத்தான் திருடனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை ஆதாரோடு நெட்வொர்க் நிறுவனத்தின் கடைக்குப் போய், பழைய எண்ணுக்கே டூப்ளிகேட் சிம் வாங்கினார். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் மாற்று மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் விதி அது. அதனால் ஓடிபி வரவில்லையே என்று பதற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை மதியம் ஓடிபி வந்தது. பழைய கணக்கு புது போனில் திறந்ததும், திருடு போன போனில் அது தானாக வெளியேறியது.

அன்று மாலையிலிருந்து ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி, போன வருடம் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு எழுதினார். லிங்க்கை, பதில் போட்டவர்களுக்கு மட்டும் அனுப்பினார். நோட்டில் இருந்த 61 பேருக்கும் இரண்டு நாளில் செய்தி போய்ச் சேர்ந்தது, எங்கேயும் தடைபடவில்லை. இப்போது முறுக்குப் பாக்கெட்டில் ஒரு க்யூஆர் ஒட்டியிருக்கிறார். அதை ஸ்கேன் செய்தால் வாங்குபவரின் போனிலிருந்து அக்காவுக்கு முதல் செய்தி போகும். அப்படி வந்தால் அவர் குடத்திலிருந்து ஒரு டம்ளரும் குறையாது.