தோராய தூரம் அல்ல, இதுவரைத் தூரம்

டைக்ஸ்ட்ராவின் குறுகிய வழிக் கணக்கில் வரும் 'டென்டேட்டிவ் டிஸ்டன்ஸ்' என்பதைத் 'தோராய தூரம்' என்று எழுதிய டியூஷன் குறிப்புகள் கோவை, ஈரோடு வட்டாரத்தில் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. அது தப்பு.

டென்டேட்டிவ் லத்தீனிலிருந்து வந்தது. மூலச்சொல்லுக்கு முயன்று பார்த்தல், தொட்டுப் பார்த்தல் என்று பொருள். குத்துமதிப்பு என்ற பொருள் அதில் கிடையாது. டச்சுக்காரரான டைக்ஸ்ட்ரா 1956இல் யோசித்து, 1959இல் வெளியிட்ட முறை இது. அதில் எந்த இடத்திலும் உத்தேசக் கணக்கு இல்லை.

பல்லடத்திலிருந்து ஈரோட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். தூரங்களைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டேன், மைல்கல்லோடு ஒப்பிட வேண்டாம். பல்லடம்–திருப்பூர் 15, பல்லடம்–காங்கேயம் 32, திருப்பூர்–காங்கேயம் 26, திருப்பூர்–ஊத்துக்குளி 16, ஊத்துக்குளி–பெருந்துறை 20, பெருந்துறை–ஈரோடு 18, காங்கேயம்–ஈரோடு 45.

அட்டவணையில் ஊருக்கு ஒரு கட்டம். பல்லடத்துக்கு 0, மற்ற எல்லாவற்றுக்கும் முடிவிலி. பல்லடத்திலிருந்து பார்த்தால் திருப்பூர் 15, காங்கேயம் 32. சிறியது 15, அதைச் சுற்றி வட்டம் போட்டு நிலைத்ததாக்குகிறோம். திருப்பூர் வழியே ஊத்துக்குளி 31. காங்கேயத்துக்கு 41 வருகிறது, ஏற்கெனவே 32 இருப்பதால் தொட வேண்டாம். வட்டம் போடாதவற்றில் சிறியது 31, அதனால் அடுத்து ஊத்துக்குளிக்கு வட்டம், பெருந்துறை 51. அடுத்து காங்கேயத்துக்கு வட்டம், ஈரோடு 32+45, அதாவது 77.

இந்த 77ஐத்தான் நம்மவர்கள் 'தோராயம்' என்கிறார்கள். ஏனுங்க, இதில் தோராயம் எங்கே இருக்கிறது? காங்கேயம் வழியே வண்டியை விட்டால் இந்தக் கணக்கில் சரியாக 77தான் ஓடும். கூடவும் ஓடாது, குறையவும் ஓடாது. அதைவிடக் குறைந்த வழி இன்னும் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். தோராயம் என்றால் இருபக்கமும் பிசகலாம். இந்த எண்ணோ இறங்கும், ஒருபோதும் ஏறாது. 'தோராயம்தானே' என்று 51ஐ 50 என்று எழுதி வைக்கும் பிள்ளையை எப்படித் திட்டுவது? அதைவிடக் கேலிக்கூத்து தொடக்கக் கட்டம். முடிவிலியைத் 'தோராய தூரம்' என்றால் ஈரோடு ஏறக்குறைய முடிவில்லாத தொலைவில் இருக்கிறது என்றாகிவிடும்! அங்கே சொல்ல வந்தது 'இதுவரை வழி தெரியவில்லை' என்பது மட்டுமே.

'தற்காலிகத் தூரம்' பரவாயில்லை. தத்காலம் என்ற வடசொல்லின் வழி வந்தது என்பதற்காக நான் அதை விலக்கவில்லை. ஆனால் தற்காலிகம் என்றதும் பின்னால் மாறியே தீரும் என்ற எண்ணம் வருகிறது. திருப்பூரின் 15 கடைசிவரை மாறவே இல்லையே. 'இடைக்காலத் தூரம்' அரசாணை மாதிரி ஒலிக்கிறது. 'இதுவரைத் தூரம்' என்று சொல்லிப் பாருங்கள். 77 இதுவரைக்கும் சரி. பெருந்துறைக்கு 51 என்று வட்டம் போட்டதும் 51+18, ஈரோட்டுக்கு 69. 77ஐ அடித்துவிட்டு 69 எழுதுகிறோம். அழிக்கக் கூடாது, அடிக்க வேண்டும், பிசகினால் திரும்பிப் பார்க்க அதுதான் உதவும். மிச்சம் ஈரோடு மட்டுமே என்பதால் 69க்கும் வட்டம், வேலை முடிந்தது. 77 வந்தவுடனே நிறுத்தியவர்கள் எட்டு கிலோமீட்டர் சுற்றுவார்கள். ஈரோட்டுக்கு எண் விழுவது போதாது, வட்டம் விழ வேண்டும்.

எந்தத் தூரமும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது என்பதால்தான் வட்டம் போட்ட எண்ணைத் திரும்பத் தொட வேண்டியதில்லை.

அப்புறம் 'லேபிள்'. திருப்பூரில் பனியன் கழுத்தில் தைப்பதற்கு அந்தப் பெயர் இருக்கட்டும். கணக்கில் எண்ணோடு 'எந்த ஊரிலிருந்து வந்தேன்' என்பதையும் சேர்த்து எழுதுகிறோம், அதற்குக் 'குறி' போதும். இதைப் 'பெயர்ச்சீட்டு' ஆக்கியவர் ஒருமுறைகூட அட்டவணை போட்டிருக்க மாட்டார். பெயரா அது? ஈரோட்டின் குறி 'காங்கேயம், 77' என்பதிலிருந்து 'பெருந்துறை, 69' ஆக மாறுகிறது. எண்ணை மட்டும் மாற்றி ஊரை மாற்ற மறப்பதுதான் கையால் போடும்போது அதிகம் நடக்கும் பிழை. விடை 69 என்று சரியாக இருக்கும், வழி மட்டும் காங்கேயம் வழியே போகும். கண்டுபிடிப்பது லேசு. ஈரோட்டின் 69இல் குறியில் உள்ள ஊரின் எண்ணைக் கழித்தால் நடுவிலுள்ள சாலையின் தூரம் வர வேண்டும். 51ஐக் கழித்தால் 18, சரி. 32ஐக் கழித்தால் 37, ஆனால் சாலையோ 45.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள் மொழிபெயர்க்கும் முன் ஒரு கணக்கையாவது போட்டுப் பார்த்திருக்கலாம். ஆறு ஊர், ஒரு தாள், கால் மணி நேரம்கூட ஆகாது.